ஸ்கேன் செய்தால் போதுமா? இ-இன்வாய்ஸ் க்யூஆர் கோடு தரும் தகவலும் தராத தகவலும்

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனிக்கு மாதாமாதம் கட்டுக்கட்டாகக் கொள்முதல் பில்கள் வந்து சேரும். நூல், சாயம், அட்டைப்பெட்டி, லேபிள், பட்டன், ஜாப் ஒர்க் என்று ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, 15 எழுத்து ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, தொகை எல்லாவற்றையும் டேலியில் அடிக்கிறார். 8 என்ற இடத்தில் B விழும். பூஜ்ஜியத்துக்குப் பதில் O விழும். அடுத்த மாதம் 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வரும்போதுதான் தவறு வெளியே தெரியும். நம் புத்தகத்தில் இருக்கும் பில் அங்கே இல்லை, அங்கே இருக்கும் பில் நம்மிடம் இல்லை என்று ஆகிவிடும். அன்றிலிருந்து ஒரு வாரம் போன் போட்டே கழியும்.

இத்தனைக்கும், அடிக்க வேண்டிய விவரங்களில் பெரும்பகுதி அந்தப் பில்லின் மூலையிலேயே, கம்ப்யூட்டர் படிக்கிற வடிவத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை ஸ்கேன் செய்து விவரங்களை நேராகக் கணக்கில் ஏற்றும் வேலையைப் பல கம்பெனிகள் தொடங்கிவிட்டன. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாமல் தொடங்கினால், கையால் அடித்தபோது வந்ததைவிடப் பெரிய தவறுகள் வேகமாக வந்து சேரும்.

யாருடைய பில்லில் இது இருக்கும்?

இந்தியாவில் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1-ல் தொடங்கியது. முதலில் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயம். பிறகு வரம்பு படிப்படியாக 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியில் நிற்கிறது. 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் இந்த வரம்பைத் தாண்டியிருந்தால் போதும், இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

பதிவு என்றால், பில்லை விற்பவர் தன் மென்பொருளிலேயே தயாரித்து, அதன் விவரங்களை ஐஆர்பி எனப்படும் பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறார். தளம் அதைச் சரிபார்த்து, ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணைத் தருகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து உருவாகும் எண் அது. ஆகவே ஒரு பில்லின் ஐஆர்என் இன்னொரு பில்லுக்கு வராது. கூடவே, தளம் தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்ட க்யூஆர் கோடு ஒன்றையும் திருப்பி அனுப்புகிறது. அதைத்தான் விற்பவர் பில்லில் அச்சடிக்கிறார்.

இப்படிப் பதிவு செய்ய வேண்டியவர் பதிவு செய்யாமல் கொடுத்த பில், ஜிஎஸ்டி விதி 48-ன்படி பில்லாகவே கருதப்படாது. அதை வைத்து உள்ளீட்டு வரி எடுப்பவருக்குச் சிக்கல் வரும். அதற்காக, க்யூஆர் இல்லாத பில்லெல்லாம் போலி என்றும் ஆகிவிடாது. வங்கி, காப்பீடு, சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி போன்றவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. சிறிய வியாபாரிக்குக் கட்டாயமே இல்லை.

சதுரத்துக்குள் 10 விவரங்கள்

ஒரு மாதிரி பில்லை எடுத்துக்கொள்வோம். நூல் வியாபாரி ஒருவர் பனியன் கம்பெனிக்கு 40-ம் நம்பர் கோம்ப்டு பருத்தி நூல் 1,000 கிலோவை, கிலோ 280 ரூபாய்க்குக் கொடுக்கிறார். அதே பில்லில் பின்னல் மெஷினுக்கான ஆயில் 10,000 ரூபாய்க்கு. நூலுக்கு 5 சதவீத வரி, ஆயிலுக்கு 18 சதவீத வரி. நூல் 2,80,000, அதன் வரி 14,000. ஆயில் 10,000, அதன் வரி 1,800. மொத்தம் 3,05,800 ரூபாய்.

இந்தப் பில்லின் க்யூஆர் கோட்டைப் போனில் சாதாரண ஸ்கேனரால் படித்தால் `eyJ` என்று தொடங்கும், ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் கொண்ட புரியாத சரம் ஒன்று வரும். "ஸ்கேன் ஆகிறது, ஆனால் குப்பையாக வருகிறது" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அது குப்பை இல்லை. ஜேடபிள்யூடி என்ற வடிவம். இரண்டு புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் அதில் இருக்கும். முதல் பகுதி, எந்தக் கையெழுத்துச் சாவி பயன்பட்டது என்று சொல்லும். நடுப்பகுதியில் பில்லின் விவரம் இருக்கும். மூன்றாவது பகுதி கையெழுத்து. நடுப்பகுதியை பேஸ்64 முறையில் அவிழ்த்தால் நம் மாதிரி பில் இப்படித் தெரியும்:

```json
{
  "SellerGstin": "33AAAAA0000A1Z9",
  "BuyerGstin": "33BBBBB0000B1Z0",
  "DocNo": "YN/0412",
  "DocTyp": "INV",
  "DocDt": "05/06/2025",
  "TotInvVal": 305800,
  "ItemCnt": 2,
  "MainHsnCode": "520524",
  "Irn": "7f3c9e...b21d",
  "IrnDt": "2025-06-05 11:42:00"
}
```

விற்பவர், வாங்குபவர், பில் எண், ஆவண வகை, பில் தேதி, மொத்தத் தொகை, எத்தனை வகைப் பொருள், முதன்மைப் பொருளின் எச்எஸ்என் எண், ஐஆர்என், ஐஆர்என் கிடைத்த நேரம். இந்தப் பத்தோடு சரி.

புதிதாக நிரல் எழுதுபவர் தடுமாறும் ஓர் இடம் இங்கே உண்டு. மேலே உள்ள பத்தும் நேரடியாகக் கிடைக்காது. `data` என்ற பெயருக்குள், மேற்கோள் குறிக்குள் அடைத்த வெறும் எழுத்துச் சரமாக அவை இருக்கும். அதனால் ஜேசனை ஒரு முறை அவிழ்த்த பிறகு, அந்தச் சரத்தை எடுத்து இன்னொரு முறை அவிழ்க்க வேண்டும். பைத்தானில், கையெழுத்தைச் சரிபார்ப்பதையும் சேர்த்து, சாரம் இவ்வளவுதான்:

```python
outer = jwt.decode(text, public_key, algorithms=["RS256"])
bill = json.loads(outer["data"])
```

இல்லாதது எது?

அந்தப் பத்தை மறுபடி பாருங்கள். வரிக்கு முந்தைய தொகை அதில் இல்லை. மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி எவ்வளவு என்று இல்லை. பொருள்களின் பட்டியலும் அளவும் விலையும் இல்லை. டேலியில் ஒரு கொள்முதலை முழுதாகப் பதிய இவையெல்லாம் வேண்டும். சவூதி அரேபியாவின் இ-இன்வாய்ஸ் க்யூஆர் கோட்டில் வாட் வரித் தொகை தனி விவரமாகவே வந்துவிடுகிறது. நம் கோட்டில் வருவதில்லை.

இந்த இடைவெளியைச் சில மென்பொருள்கள் ஊகத்தால் நிரப்புகின்றன. எச்எஸ்என் எண் 520524 என்றால் பருத்தி நூல், பருத்தி நூலுக்கு வரி 5 சதவீதம், ஆகவே மொத்தத்தை 1.05 ஆல் வகுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகின்றன. நம் பில்லில் அப்படிச் செய்தால் வரிக்கு முந்தைய தொகை 2,91,238.10 என்றும், வரி 14,561.90 என்றும் வரும். உண்மையான வரி 15,800. இந்த ஒரு பில்லிலேயே 1,238.10 ரூபாய் உள்ளீட்டு வரி விட்டுப்போகிறது. `MainHsnCode` என்பது பில்லில் அதிக மதிப்புள்ள பொருளின் எண் மட்டுமே. `ItemCnt` 2 என்று சொல்லும்போது, இன்னொரு பொருள் என்ன, அதற்கு என்ன வரி என்று க்யூஆர் கோட்டுக்கே தெரியாது.

ஆகவே க்யூஆர் கோட்டிலிருந்து வரியைக் கணக்கிடவே கூடாது. அதிலிருந்து எடுக்க வேண்டிய முக்கியமான சரக்கு ஐஆர்என். அதை வைத்து முழு விவரத்தையும் வேறு இடத்திலிருந்து பெறலாம். வாங்குபவர் தன் ஜிஎஸ்டி கணக்கில் நுழைந்து, `einvoice.gst.gov.in` தளத்தில், தனக்கு வந்த இ-இன்வாய்ஸ்களை ஜேசன் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி 2023 இறுதியில் வந்தது. ஐஆர்என் உருவானதிலிருந்து ஆறு மாதம் வரை அது கிடைக்கும். ஒவ்வொரு பொருளும், அதன் அளவும் விலையும் வரியும் அந்தக் கோப்பில் இருக்கும். க்யூஆர் கோட்டில் படித்த ஐஆர்என்னையும் கோப்பில் உள்ள ஐஆர்என்னையும் பொருத்தினால், கையால் ஓர் எண்கூட அடிக்காமல் பதிவு முழுமையாகிவிடும்.

அப்படியானால் கோப்பையே இறக்கிக்கொள்ளலாமே, ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். நம் ஜிஎஸ்டி எண்ணில் யார் எந்தப் பில் போட்டார்கள் என்று கோப்பு சொல்லும். சரக்கு குடோனுக்கு வந்து, பில் நம் கைக்கு வந்ததா என்று அது சொல்லாது. பொருளோடு வந்த காகிதத்தை ஸ்கேன் செய்தால்தான் அதுவும் கோப்பில் உள்ளதும் ஒரே பில் என்று உறுதியாகும். 2பி அறிக்கையின் எக்செல் கோப்பிலும் ஐஆர்என்னுக்குத் தனிப் பத்தி இருப்பதால், மாதக் கடைசியில் பில் நம்பர் எழுத்துப் பிழைகளோடு மல்லுக்கட்டாமல் அந்த ஒரே எண்ணை வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

படிக்க மறுக்கும் சதுரம்

கடை மேசையில் ஒட்டியிருக்கும் யூபிஐ ஸ்டிக்கர் எந்தப் போனிலும் நொடியில் படிக்கிறது. இ-இன்வாய்ஸ் சதுரம் அடம்பிடிக்கிறது. காரணம் அளவில் இருக்கிறது. யூபிஐ கோட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 முதல் 45 கட்டங்கள் இருக்கும். ஆயிரம் எழுத்தைத் தாங்கும் இ-இன்வாய்ஸ் கோட்டில் 110 கட்டங்கள் போல வரும். அதை 3 சென்டிமீட்டர் சதுரத்தில் அச்சடித்தால் ஒரு கட்டத்தின் அகலம் கால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தேய்ந்த ரிப்பனோடு அடித்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன் மேல் 'சரக்கு பெறப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பும் விழுந்தால் கதை முடிந்தது.

ஸ்கேனர் அமைப்பிலும் இதே கணக்குதான். படத்தில் ஒரு கட்டத்துக்கு மூன்று பிக்சலாவது விழ வேண்டும், நான்கு விழுந்தால் நல்லது. அந்த 3 சென்டிமீட்டர் சதுரத்தை 200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் கட்டத்துக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும். 300-ல் மூன்று, 400-ல் நான்கு. ஆகவே கொள்முதல் பில்களுக்கு 300-க்குக் கீழே ஸ்கேனரை வைக்கவே கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் பில் போட்டோ ஏன் படிப்பதில்லை என்பதும் இதிலேயே விளங்கும். ஏ4 தாள் முழுவதையும் படமெடுத்து, அந்தப் படம் நீளவாக்கில் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிட்டால், கட்டத்துக்கு ஒன்றரை பிக்சல்கூட மிஞ்சாது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. பிடிஎஃப் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்வதுதான் வழி. பிடிஎஃப் வந்தால் அதை அச்சடித்து ஸ்கேன் செய்வதும் வீண் வேலை. கோப்பையே 300 டிபிஐ படமாக மாற்றி நிரலிடம் கொடுத்தால் காகிதத்தின் குறை எதுவும் குறுக்கே வராது.

கையில் பிடிக்கும் ஸ்கேனர் கன் வாங்குபவர்கள், கோடுகளை மட்டும் படிக்கும் பழைய பார்கோடு கன்னைத் தவிர்த்து 2டி கன் வாங்க வேண்டும். இந்தக் கன் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு போலத்தான் தெரியும். படித்த எழுத்துகளை வேகமாகத் 'தட்டச்சு' செய்யும். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் பெரிய எழுத்து சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் மாறிவிடும். கீபோர்டு தமிழில் இருந்தால் முழுச் சரமும் பாழ். இந்தச் சரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்துச் சோதனை தோற்கும். பில் நல்லதாக இருந்தும் தோல்வி என்று வந்தால், முதலில் கீபோர்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே பில்லில் இரண்டு மூன்று சதுரங்கள் இருப்பதும் வழக்கம். இ-இன்வாய்ஸ் கோடு ஒன்று, இ-வே பில் கோடு ஒன்று, பணம் செலுத்த யூபிஐ கோடு ஒன்று. முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளும் நிரல் பாதி பில்களில் தவறிவிடும். கிடைத்த எல்லாச் சதுரங்களையும் படித்து, `eyJ` என்று தொடங்கி இரண்டு புள்ளிகள் கொண்டதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பது வேறு, நம்புவது வேறு

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான செய்தி. க்யூஆர் கோட்டில் உள்ள விவரம் பூட்டப்பட்டதல்ல. யாரும் அவிழ்த்துப் படிக்கலாம். அதேபோல யாரும் அதே வடிவில் ஒரு பொய்ச் சதுரத்தையும் உருவாக்கலாம். 3,05,800-ஐ 4,05,800 என்று மாற்றி, புதிய கோடாக அச்சடித்தால், கையெழுத்தைப் பார்க்காமல் நடுப்பகுதியை மட்டும் அவிழ்க்கும் நிரல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது பகுதியில் உள்ள கையெழுத்தைப் பதிவுத் தளத்தின் பொதுச் சாவியோடு ஒப்பிட்டால் மட்டுமே மோசடி பிடிபடும். அந்தச் சாவியை இ-இன்வாய்ஸ் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சாவிகள் அவ்வப்போது மாறும். என்ஐசி தவிரத் தனியார் பதிவுத் தளங்களும் இயங்குவதால் ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு. முதல் பகுதியில் உள்ள `kid`, எந்தச் சாவி என்று காட்டும். புதிய சாவி வந்ததும் பழையதை அழித்துவிட்டால், போன ஆண்டு பில்களெல்லாம் போலி என்று காட்டும். பழையவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கையெழுத்து சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையான ஒரு பில்லின் க்யூஆர் கோட்டை வெட்டி வேறொரு பில்லில் ஒட்டினால் கையெழுத்து அப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதனால் கோட்டில் உள்ள பில் எண்ணும் தொகையும் அச்சில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். `BuyerGstin` நம்முடையதுதானா என்று பார்க்க வேண்டும். இதே ஐஆர்என் ஏற்கெனவே நம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே பில் மின்னஞ்சலில் ஒரு முறையும் சரக்கோடு ஒரு முறையும் வந்து, இரண்டு முறை பணம் போவதை இந்தச் சோதனை தடுத்துவிடும்.

அடுத்தது, ரத்து. விற்பவர் ஐஆர்என் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், இ-வே பில் நடப்பில் இல்லாவிட்டால், அதை ரத்து செய்யலாம். ரத்தான பிறகும் ஏற்கெனவே அச்சான சதுரம் மாறாது. கையெழுத்துச் சோதனையிலும் தேறும். அதன் இப்போதைய நிலை தளத்துக்கு மட்டுமே தெரியும். 2023 ஜூனில் ஜிஎஸ்டிஎன் வெளியிட்ட `e-Invoice QR Code Verifier` செயலி, ஸ்கேன் செய்த கோட்டைச் சரிபார்ப்பதோடு இந்த நிலையையும் காட்டுகிறது. நிரல் எழுத வசதியில்லாத சிறு கம்பெனிகள் பெரிய தொகைப் பில்களுக்காவது இதைப் பயன்படுத்தலாம்.

கணக்கில் ஏற்றும்போது

எடுத்த தரவு எக்செல்லுக்குப் போகும் வழியில் கெடுவதும் உண்டு. நம் பில்லின் தேதி 05/06/2025, அதாவது ஜூன் 5. கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் எக்செல் அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். பில் வேறு மாதக் கணக்குக்குப் போய்விடும். தேதி 12-க்கு மேல் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. அதனால் மாத முதல் பாதிப் பில்கள் மட்டும் இடம் மாறிக் கிடந்தால் காரணம் இதுதான். தேதிப் பத்தியை எழுத்தாக வைத்துக்கொள்ளச் சொன்னால் தீர்ந்தது.

`DocTyp` என்ற விவரத்தையும் பார்க்காமல் விடக் கூடாது. `INV` என்றால் பில். `CRN` என்றால் கிரெடிட் நோட். கிரெடிட் நோட்டிலும் தொகை கூட்டல் எண்ணாகவே இருக்கும். அதைக் கழிக்காமல் கூட்டிவிட்டால், திருப்பி அனுப்பிய சரக்குக்கும் சேர்த்து வரி எடுத்ததாகிவிடும்.

இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் கணக்காளர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மென்பொருள் விற்க வருபவரிடம், "ஒரு பில்லை எத்தனை நொடியில் படிக்கும்?" என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கையெழுத்தைச் சரிபார்க்கிறதா? ரத்தான ஐஆர்என்னைக் கண்டுபிடிக்கிறதா? வரித் தொகையை எங்கிருந்து எடுக்கிறது? மூன்றாவது கேள்விக்கு "க்யூஆர் கோட்டிலிருந்தே" என்று பதில் வந்தால் அதை வாங்காதீர்கள். அந்த விவரம் அந்தக் கோட்டில் இல்லை.